மூன்று பிரிவுகளின் சராசரி மதிப்பெண்களை ஒரே முறையில் ஒப்பிடுதல்: ஒருவழி அனோவா குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் ஆசிரியர்களும், ஆய்வேடு எழுதும் எம்.எட். மாணவர்களும் என்னிடம் கொண்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம்தான். கணக்குத் தேர்வு, அ, ஆ, இ என மூன்று பிரிவுகள், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுத்த ஆறு விடைத்தாள்கள். கையால் போட்டுப் பார்க்க வசதியாக இருக்க வேண்டும் என்பதற்காக இந்த மதிப்பெண்களை நானே அமைத்தேன்.

| பிரிவு | மதிப்பெண்கள் | சராசரி |
|---|---|---|
| அ | 62, 55, 70, 58, 65, 50 | 60 |
| ஆ | 72, 66, 78, 60, 74, 70 | 70 |
| இ | 68, 59, 64, 52, 73, 56 | 62 |

பதினெட்டுப் பேரையும் சேர்த்த மொத்தச் சராசரி 64. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

அ பிரிவுக்கு 60, ஆ பிரிவுக்கு 70. பத்து மதிப்பெண் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறதே, இதற்கு எதற்கு ஒரு சோதனை?

பதினெட்டு மதிப்பெண்களையும் பதினெட்டுத் துண்டுச் சீட்டுகளில் எழுதுங்கள். எந்தச் சீட்டு எந்தப் பிரிவு என்பதை மறந்துவிட்டு நன்றாகக் கலக்கி, ஆறு ஆறாக மூன்று குவியலாகப் பிரியுங்கள். இப்போது குவியல்களுக்குப் பின்னால் ஆசிரியரும் இல்லை, கற்பித்தல் முறையும் இல்லை. ஆனாலும் மூன்று சராசரிகளும் ஒன்றாக வராது. இந்த மதிப்பெண்களை வைத்துப் பார்த்தால், மிக உயர்ந்த குவியலுக்கும் மிகத் தாழ்ந்த குவியலுக்கும் இடையே ஐந்தாறு மதிப்பெண் வித்தியாசம் வெறும் கலக்கலாலேயே வந்துவிடும்.

ஆகவே வித்தியாசம் இருக்கிறதா என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை; அது இருக்கத்தான் செய்யும். சீட்டைக் கலக்கினாலே இந்த அளவு வித்தியாசம் எத்தனை முறை வரும் என்பதே நாம் கேட்க வேண்டியது. மேலே உள்ள எண்களுக்கு விடை, நூறு முறை கலக்கினால் ஏறத்தாழ ஆறேழு முறை. அடிக்கடி வரும் என்றும் சொல்ல முடியாது, அபூர்வம் என்றும் சொல்லிவிட முடியாது. அனோவா, அதாவது மாறுபாட்டுப் பகுப்பாய்வு, சீட்டைக் கலக்காமலேயே இந்த எண்ணை ஒரு சூத்திரத்தால் கணக்கிட்டுத் தருகிறது.

ஒப்பிடுவது சராசரிகளை. அப்படியிருக்க ஏன் "மாறுபாட்டுப் பகுப்பாய்வு" என்று பெயர்? கையால் எப்படிப் போடுவது?

சராசரிகள் விலகி நிற்பது பெரிய விலகலா சிறிய விலகலா என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் பிரிவுக்கு உள்ளேயே இருக்கிறது. ஒரே ஆசிரியரிடம், ஒரே அறையில் படித்த ஆறு பேர் தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகிறார்கள்? அ பிரிவில் 50 எடுத்தவரும் இருக்கிறார், 70 எடுத்தவரும் இருக்கிறார். உள்ளேயே இவ்வளவு சிதறல் இருக்கும்போது, ஆறு பேர் சராசரி ஓரளவு முன்பின் நகர்வது இயல்பு. எல்லோரும் 59, 60, 61 என்று நெருங்கி எடுத்திருந்தால் இரண்டு மதிப்பெண் வித்தியாசமே பெரிய சேதியாகியிருக்கும்.

எனவே இரண்டு சிதறல்களை அளக்கிறோம். முதலாவது, பிரிவுகளுக்கு இடையே உள்ளது. ஒவ்வொரு பிரிவின் சராசரியும் மொத்தச் சராசரியான 64-இலிருந்து எவ்வளவு விலகுகிறது? அ: −4, ஆ: +6, இ: −2. வர்க்கப்படுத்தினால் 16, 36, 4, கூட்டினால் 56. ஒவ்வொரு சராசரிக்குப் பின்னாலும் ஆறு பேர் இருப்பதால் 6 × 56 = 336.

இரண்டாவது, பிரிவுக்கு உள்ளே இருப்பது. இங்கே ஒவ்வொரு மாணவரையும் அவருடைய பிரிவின் சராசரியோடு ஒப்பிட வேண்டும். பலரும் தவறிப்போய் 64-ஐக் கழித்துவிடும் இடம் இது, கவனமாக இருங்கள். அ பிரிவில் 60-ஐக் கழித்தால் 2, −5, 10, −2, 5, −10. இவற்றின் வர்க்கங்களின் கூடுதல் 4 + 25 + 100 + 4 + 25 + 100 = 258. இதே போல ஆ பிரிவுக்கு 200, இ பிரிவுக்கு 306. மூன்றும் சேர்ந்து 764.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பதினெட்டு மதிப்பெண்களிலிருந்தும் நேராக 64-ஐக் கழித்து வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1100 வரும். 336 + 764 = 1100. இரண்டும் பொருந்தவில்லை என்றால் எங்கோ கூட்டலில் பிழை. மேலே போக வேண்டாம்.

336-ஐயும் 764-ஐயும் அப்படியே ஒப்பிட முடியாது. முதலாவது மூன்று எண்களிலிருந்து வந்தது; இரண்டாவது பதினெட்டிலிருந்து வந்தது. ஆகவே ஒவ்வொன்றையும் அதற்குரிய டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் எண்ணால் வகுக்கிறோம். கணினித் திரையில் இது `df` என்று வரும். மூன்று சராசரிகள், அவற்றின் விலகல்கள் கூடிப் பூச்சியமாக வேண்டும். எனவே இரண்டுதான் சுதந்திரமாக மாறலாம், `df` 2. உள்ளே, ஒவ்வொரு பிரிவிலும் அதே காரணத்தால் ஆறில் ஐந்து, மொத்தம் 15.

```
336 / 2  = 168
764 / 15 = 50.93
F = 168 / 50.93 = 3.30
```

பிரிவால் எந்த வேறுபாடும் இல்லை என்றால் மேலுள்ள 168-ம் கீழுள்ள 50.93-ம் ஒரே சிதறலைத்தான் இரண்டு வழியில் மதிப்பிடுகின்றன. அப்போது F ஒன்றை ஒட்டி நிற்கும். பிரிவுகள் உண்மையிலேயே வேறுபட்டால் மேலுள்ள எண் மட்டும் வீங்கும். இந்த முறையை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1920-களில் ரொனால்ட் ஃபிஷர் வளர்த்தெடுத்தார். அங்கே பிரிவுகளுக்குப் பதில் வயல் துண்டுகள், மதிப்பெண்களுக்குப் பதில் மகசூல். F என்ற எழுத்தை ஃபிஷரின் பெயரிலிருந்து எடுத்து வைத்தவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜார்ஜ் ஸ்னெடெக்கர்.

F = 3.30 வந்துவிட்டது. இது போதுமா, போதாதா?

F அட்டவணையில் 5% மட்டத்துக்கான பக்கத்தை எடுங்கள். நெடுவரிசையில் 2, கிடைவரிசையில் 15. அங்கே 3.68 இருக்கும். நம்முடையது 3.30, எட்டவில்லை. இரண்டையும் மாற்றிப் பார்த்துவிடுவது வழக்கமான தவறு. பிரிவுகளுக்கு உரிய 2 நெடுவரிசைக்கும், மாணவர்களுக்கு உரிய 15 கிடைவரிசைக்கும் போக வேண்டும்.

அட்டவணை கைவசம் இல்லையென்றால் எக்செல்லில் ஒரு காலிக் கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=F.DIST.RT(3.30,2,15)
```

0.065 என்று வரும். இதைத்தான் `p` என்பார்கள். சீட்டுக் குலுக்கலில் சொன்ன ஆறேழு முறை இதுதான். 5% என்ற கோட்டை முன்கூட்டியே வகுத்துக்கொண்டிருந்தால், "மூன்று பிரிவுகளின் சராசரியும் ஒன்றே" என்ற இன்மைக் கருதுகோளை நிராகரிக்கப் போதிய சான்று இல்லை.

நான் அ பிரிவையும் ஆ பிரிவையும் மட்டும் டி-சோதனையில் போட்டேன். வேறுபாடு உண்டு என்று வந்துவிட்டதே. எதை நம்புவது?

நீங்கள் போட்ட கணக்கில் பிழையில்லை. அந்த இரண்டு பிரிவுகளை மட்டும் எடுத்தால் t = 2.56, 10 `df`-க்கு அட்டவணை மதிப்பு 2.228. தாண்டித்தான் விட்டது. ஆனாலும் நான் அனோவாவைத்தான் நம்புவேன். நீங்கள் அந்த இரண்டு பிரிவுகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதில் காரணம் இருக்கிறது.

மூன்று சராசரிகளையும் பார்த்துவிட்டு, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் எடுத்தீர்கள். டி-சோதனையின் அட்டவணையோ, இரண்டே பிரிவுகள்தான் இருந்தன, முடிவைப் பார்க்கும் முன்பே அவற்றை முடிவுசெய்துவிட்டீர்கள் என்று நினைத்துத் தயாரிக்கப்பட்டது. மூன்று குவியல் சீட்டில் உச்சிக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம், ஏதோ இரண்டு குவியலுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும், ஒருபோதும் சிறிதாக இராது. குவியல்கள் கூடக் கூட அது இன்னும் பெருகும்.

மூன்று ஜோடிகளையும் தனித்தனியாகச் சோதித்தாலும் இதே சிக்கல்தான். ஒவ்வொரு சோதனையிலும், இல்லாத வேறுபாட்டை உண்டு என்று சொல்லிவிடும் வாய்ப்பு 5%. மூன்று சோதனைகளில் ஒன்றாவது தவறும் வாய்ப்பு, அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால் 1 − 0.95³, அதாவது 14%. ஒரே பிரிவு இரண்டு ஜோடிகளில் வருவதால் உண்மையில் இது சற்றுக் குறையும். ஆனால் 5%-க்கு இறங்காது. ஐந்து பிரிவுகள் இருந்தால் ஜோடிகள் பத்து. அப்போது என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பள்ளியில் உயர்ந்த பிரிவையும் தாழ்ந்த பிரிவையும் மட்டும் எடுத்து ஒப்பிட்டு, தாழ்ந்த பிரிவின் ஆசிரியரிடம் விளக்கம் கேட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மூன்று பிரிவு இருந்தால் ஏதோ ஒன்று கடைசியாக வந்தே தீரும். கடைசியாக வந்தது என்பது ஒரு குற்றச்சாட்டுக்குப் போதுமான ஆதாரம் ஆகாது.

அப்படியானால் மூன்று பிரிவுகளும் சமம் என்று எழுதிவிடலாமா?

கூடாது. "வேறுபாடு நிரூபணமாகவில்லை" என்பதும் "வேறுபாடு இல்லை" என்பதும் வேறு வேறு. பிரிவுக்கு ஆறு பேரை வைத்துக்கொண்டு பார்த்தால், பெரிய வேறுபாடு உண்மையிலேயே இருந்தாலும் தவறவிட்டுவிடலாம்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு பயிற்சி செய்யலாம். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இன்னும் ஆறு விடைத்தாள்கள் எடுக்கிறோம். தற்செயலாக அவற்றிலும் அதே மதிப்பெண்களே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். (பயிற்சிக்காக மட்டும்தான். உங்கள் தரவை இப்படி நகலெடுத்துப் பெருக்குவது மோசடி.) சராசரிகள் மாறவில்லை: 60, 70, 62. இடையே உள்ள கூடுதல் 672, உள்ளே உள்ளது 1528. `df` இப்போது 2, 33.

```
672 / 2   = 336
1528 / 33 = 46.30
F = 7.26
```

`p` 0.0024-க்கு இறங்கிவிடுகிறது. அதே பத்து மதிப்பெண் வித்தியாசம், அதே சிதறல்; ஆட்கள் மட்டும் இரட்டிப்பு.

அதனால்தான் `p` மட்டும் போதாது என்கிறேன். மொத்தச் சிதறலில் பிரிவின் பங்கு எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள்: 336 / 1100 = 0.31. இதை ஈட்டா வர்க்கம் என்பார்கள். இரண்டு கணக்கிலும் இது மாறாமல் 0.31-ஆகவே இருப்பதைக் கவனியுங்கள். குறைவான மாணவர்கள் இருக்கும்போது ஈட்டா வர்க்கம் உள்ளதைக் கூட்டிக் காட்டும் பழக்கம் உடையது. அதைத் திருத்தும் ஒமேகா வர்க்கம், நம் பதினெட்டு பேருக்கு (336 − 2 × 50.93) / (1100 + 50.93) = 0.20 என்கிறது.

அனோவாவில் வேறுபாடு உண்டு என்று வந்தால், எந்தப் பிரிவு வேறுபடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

F அதைச் சொல்லாது. எல்லாச் சராசரிகளும் ஒன்றல்ல என்பதோடு அதன் வேலை முடிந்தது. அடுத்ததாக டியூக்கி சோதனையைச் செய்யலாம். எல்லா ஜோடிகளையும் சேர்த்துத் தவறும் வாய்ப்பை 5%-க்குள் நிறுத்துவதற்காகவே அது உருவானது.

பிரிவுக்குப் பன்னிரண்டு பேர் இருந்த கணக்கை எடுத்துக்கொள்வோம். டியூக்கி அட்டவணையில் 3 பிரிவுகள் என்ற இடத்தில் 33 என்ற வரிசை பெரும்பாலும் இருக்காது. அதற்குக் கீழே உள்ள 30-ஐ எடுத்தால் கண்டிப்பின் பக்கம் நிற்போம். மதிப்பு 3.49.

```
3.49 × √(46.30 / 12) = 3.49 × 1.964 = 6.9
```

இந்த 6.9-ஐத் தாண்டும் வித்தியாசமே உண்மையானது என்று கொள்ளலாம். அ–ஆ: 10, தாண்டுகிறது. ஆ–இ: 8, தாண்டுகிறது. அ–இ: 2, இல்லை. ஆ பிரிவு தனித்து மேலே நிற்கிறது. மற்ற இரண்டையும் பிரித்துச் சொல்லச் சான்று இல்லை.

பிரிவுகளில் ஆட்கள் சமமாக இல்லாவிட்டால் இந்தச் சூத்திரத்தை அப்படியே போடாதீர்கள். கீழே சொல்லும் `TukeyHSD` கட்டளை அதைத் தானே சரிசெய்துகொள்ளும்.

எக்செல்லில் எங்கே இருக்கிறது? ஆர் மென்பொருளில்?

எக்செல்லில் ஒவ்வொரு பிரிவையும் ஒரு நெடுவரிசையாகத் தட்டுங்கள். `Data` → `Data Analysis` → `Anova: Single Factor`. `Data Analysis` என்ற பொத்தானே காணோம் என்றால் `File` → `Options` → `Add-ins` வழியாகப் போய் `Analysis ToolPak`-ஐ இயக்க வேண்டும். முதல் வரிசையில் பிரிவின் பெயர் இருந்தால் `Labels in First Row` கட்டத்தில் டிக் செய்யுங்கள். மறந்தால் எண் அல்லாதது இருக்கிறது என்று திட்டும். பிரிவுக்குப் பிரிவு ஆட்கள் எண்ணிக்கை மாறினால் கீழே காலிக் கட்டங்கள் இருக்கலாம், தவறில்லை.

ஆரில்:

```r
marks <- c(62,55,70,58,65,50,
           72,66,78,60,74,70,
           68,59,64,52,73,56)
section <- factor(rep(c("A","B","C"), each = 6))
fit <- aov(marks ~ section)
summary(fit)
TukeyHSD(fit)
```

பிரிவுகளுக்கு A, B, C என்று பெயர் வைக்காமல் 1, 2, 3 என்று எண் கொடுத்தவர்கள் `factor` என்ற சொல்லை விட்டுவிட்டால் பெரிய விபரீதம் நடக்கும். ஆர் அவற்றை அளவு என்று நினைத்து ஒரு நேர்கோட்டைப் பொருத்திவிடும்; `aov`, `summary` இரண்டும் பிழை என்று எச்சரிக்கையும் செய்யாது. விடையில் பிரிவுக்கு எதிரே `Df` 2 இருக்க வேண்டிய இடத்தில் 1 இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அனோவா அட்டவணை எதைப் பார்த்தாலும் முதலில் `df`-ஐப் பாருங்கள், பிறகு F-க்கு வாருங்கள்.

தேர்வுக்கு வராதவர்களுக்குப் பூச்சியம் போட்டுவிட்டேன். அதனால் ஏதாவது கெடுமா?

எல்லாமே கெடும். ஆய்வேடுகளில் நான் அதிகம் சந்திக்கும் பிழை இது, எனவே எண்ணோடு காட்டுகிறேன். ஆ பிரிவில் 60 எடுத்த மாணவர் அன்று வரவில்லை, அவர் இடத்தில் 0 என்று தட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆ பிரிவின் சராசரி 70-இலிருந்து 60-க்கு விழுகிறது. முதலிடத்தில் இருந்த பிரிவு அ பிரிவோடு சமமாகிவிட்டது.

சேதம் அதோடு நிற்பதில்லை. பிரிவுகளுக்கு இடையே உள்ள கூடுதல் 336-இலிருந்து 16-ஆகிறது. உள்ளே உள்ள கூடுதலோ 764-இலிருந்து 4964-க்குத் தாவுகிறது. அதில் 3600 அந்த ஒரே பூச்சியத்தால் வந்தது. F = 8 / 330.9 = 0.02. ஒரே கட்டத்தில் தட்டிய ஒரு பூச்சியம், மூன்று பிரிவுகளுக்கும் இடையே துளி வேறுபாடும் இல்லை என்று சாட்சி சொல்கிறது.

எக்செல் விடையின் மேல்பகுதியில் `SUMMARY` என்ற சிறு அட்டவணை வரும். பலர் அதைத் தாண்டி நேராக `P-value`-க்குப் போய்விடுகிறார்கள். அதில் `Variance` நெடுவரிசையைப் பாருங்கள். சரியான தரவில் 51.6, 40, 61.2 என்று இருந்தது. பூச்சியம் நுழைந்த பிறகு நடுவில் 880. இப்படி ஒன்று மட்டும் மலை போல நின்றால் மதிப்பெண் பட்டியலுக்குத் திரும்புங்கள். வராதவரின் கட்டம் காலியாகவே இருக்கட்டும். எத்தனை பேர் வரவில்லை என்பதை அறிக்கையில் தனியாக எழுதுங்கள். ஒரு பிரிவில் மட்டும் வராதவர்கள் அதிகம் என்றால் அதுவே விசாரிக்க வேண்டிய செய்தி.

மதிப்பெண்கள் மணி வடிவப் பரவலில் இல்லையே. அனோவா போடலாமா?

சாதாரணமாகப் போடலாம். பிரிவுக்கு முப்பது, நாற்பது பேர் இருந்தால் லேசான கோணல் F-ஐப் பெரிதாகப் பாதிக்காது. பள்ளி மதிப்பெண்களில் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு. எளிய வினாத்தாளில் பாதிப் பேர் 95-க்கு மேல் போய்க் கூரையில் முட்டி நிற்பது ஒன்று. தேர்ச்சி மதிப்பெண்ணான 35-இல் கூட்டம் கூடி, 32, 33, 34-இல் ஆளே இல்லாமல் இருப்பது இன்னொன்று. பின்னதைக் கண்டால் அது திருத்தியவரின் இரக்கம். எந்தச் சோதனையாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

சிதறல் சமமாக இருக்கிறதா என்பதையே நான் அதிகம் பார்ப்பேன். திட்ட விலக்கங்களில் பெரியது சிறியதைப் போல் இரு மடங்குக்கு மேல் போகாமல், பிரிவுகளும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தால் கவலையில்லை. நம் உதாரணத்தில் 7.2, 6.3, 7.8. ஆட்கள் குறைந்த பிரிவில் சிதறல் மிகுதியாக இருந்தால் ஆபத்து. சாதாரண F, இல்லாத வேறுபாட்டை எளிதில் உண்டு என்று சொல்லிவிடும். அப்போது வெல்ச் முறையைப் பயன்படுத்துங்கள்: `oneway.test(marks ~ section)`.

இவை இரண்டையும்விடப் பெரிய நிபந்தனை, ஒரு மாணவரின் மதிப்பெண் இன்னொருவருடையதைச் சாராமல் இருப்பது. ஒரே பெஞ்சில் இருவர் பார்த்து எழுதியிருந்தால் இரண்டு தாள்கள் இருந்தும் நம்மிடம் இருப்பது ஒரு தகவலே. குழுவாகச் செய்த செயல்திட்டத்துக்கு எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்துவிட்டு அதை ஆளுக்கு ஒன்றாக எண்ணுவதும் அப்படித்தான்.

வேறுபாடு உண்டு என்று வந்தால், ஆ பிரிவின் ஆசிரியர் நன்றாகக் கற்பிக்கிறார் என்று பொருளா?

அந்த முடிவுக்கு அனோவா உங்களைக் கொண்டுபோகாது. "பிரிவு" என்ற ஒரே சொல்லுக்குள் பல விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரிவு பிரித்திருக்கலாம். ஒன்று தமிழ் வழி, இன்னொன்று ஆங்கில வழியாக இருக்கலாம். ஒரு பிரிவுக்குக் கணக்குப் பாடவேளை காலையிலும், இன்னொன்றுக்கு மதிய உணவுக்குப் பிறகும் வந்திருக்கலாம். இவற்றில் எது சராசரியை உயர்த்தியது என்று F-க்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் குவியல்கள் விலகி நிற்கின்றன என்பதே.

இவற்றில் ஒன்றை எளிதில் களையலாம், ஆனால் பெரும்பாலும் யாரும் களைவதில்லை. அவரவர் பிரிவின் விடைத்தாளை அவரவரே திருத்தினால், கற்பித்தலின் வேறுபாடும் திருத்துவதன் வேறுபாடும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். ஒரு ஆசிரியர் வழிமுறைக்கு மதிப்பெண் கொடுப்பார், இன்னொருவர் விடைக்கு மட்டும் கொடுப்பார். மூன்று பிரிவின் தாள்களையும் ஒன்றாகக் கலந்து, ஒரு ஆசிரியர் எல்லாத் தாளிலும் முதல் பகுதியை, இன்னொருவர் எல்லாத் தாளிலும் இரண்டாம் பகுதியைத் திருத்தினால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. தேர்வுக்கு முன்பே திட்டமிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆரம்பத்திலேயே பிரிவுகள் சமமற்றவை என்றால், முந்தைய ஆண்டு மதிப்பெண்ணையும் கணக்கில் சேர்க்கும் அன்கோவா என்ற முறை இருக்கிறது. அதுவும் முழு மருந்தல்ல. மிகவும் வேறுபட்ட பிரிவுகளை அது சமமாக்கிவிடாது.

என்னிடம் மூன்று பிரிவிலும் எல்லா மாணவர்களின் மதிப்பெண்ணும் இருக்கிறது. மாதிரி எடுக்கவே இல்லை. அப்போதும் சோதனை வேண்டுமா?

எதை அறிய விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "இந்தக் காலாண்டுத் தேர்வில் எந்தப் பிரிவின் சராசரி அதிகம்?" என்று மட்டும் கேட்டால் சோதனையே வேண்டாம். சராசரியைப் பாருங்கள், பதில் அங்கேயே இருக்கிறது. "இந்த வித்தியாசம் அரையாண்டிலும் தொடருமா, இதற்கு ஏதேனும் காரணம் இருக்குமா, அல்லது யார் எந்தப் பிரிவில் விழுந்தார்கள் என்ற தற்செயலா?" என்று கேட்டால் சோதனை வேண்டும். அந்தக் கேள்விக்குச் சீட்டுக் குலுக்கல்தான் பொருத்தமான படம்.

இரண்டே பிரிவுகள் இருந்தால் அனோவா போடக் கூடாதா?

போடலாம், டி-சோதனை தரும் அதே `p` வரும். F என்பது அப்போது t-யின் வர்க்கம். மேலே அ, ஆ பிரிவுகளுக்கு t = 2.56 வந்தது; அவற்றை மட்டும் அனோவாவில் போட்டால் F = 6.55.

அறிக்கையில் எப்படி எழுத வேண்டும்?

ஒவ்வொரு பிரிவின் ஆட்கள் எண்ணிக்கை, சராசரி, திட்ட விலக்கம் மூன்றையும் ஒரு சிறு அட்டவணையாகக் கொடுங்கள். பிறகு F, இரண்டு `df`, `p`, ஈட்டா வர்க்கம். `p` 0.065 என்றால் 0.065 என்றே எழுதுங்கள், "0.05-க்கு மேல்" என்று மறைக்க வேண்டாம், "ஏறத்தாழ முக்கியமானது" என்று இழுக்கவும் வேண்டாம். தலைமையாசிரியருக்கான வாசகத்தை நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"பிரிவுக்கு ஆறு விடைத்தாள்கள் வீதம் ஆராய்ந்ததில் அ, ஆ, இ பிரிவுகளின் சராசரிகள் முறையே 60, 70, 62. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதை 5% மட்டத்தில் ஒதுக்க முடியவில்லை; F(2, 15) = 3.30, p = 0.065, ஈட்டா வர்க்கம் 0.31. ஆ பிரிவு உயர்ந்திருக்கும் சாத்தியம் இருப்பதால், அரையாண்டுத் தேர்வில் எல்லா விடைத்தாள்களையும் கலந்து திருத்தி, மூன்று பிரிவுகளையும் முழுமையாக மீண்டும் ஒப்பிட வேண்டும்."